நின்றுபோன ரத்தம்

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. எட்டாம் மாதம், 31 வாரம். விடிகாலை நான்கு மணிக்கு ஈரம் தட்டி எழுந்து பார்த்தால், புடவையில் உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று சிவப்பாக ரத்தம். வலி இல்லை. பயந்துபோய் அம்மாவை எழுப்புகிறாள். ஆறு மணிக்குள் ரத்தம் நின்றுவிடுகிறது, குழந்தையும் உதைக்கிறது. "சூட்டுக்குத்தான்டி பட்டிருக்கு. வெந்தயம் ஊற வச்சுத் தரேன், படு. நாளைக்கு எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்கிறார் அம்மா.

இது நம் வீடுகளில் நடக்கிற காட்சிதான். வலி இல்லை, ரத்தமும் நின்றுவிட்டது என்ற இரண்டும் சேர்ந்து வீட்டாருக்கு நிம்மதி தருகின்றன. ஆனால் மகப்பேறு மருத்துவர் ஒருவரை உடனே நிமிர்ந்து உட்கார வைப்பதும் இதே இரண்டுதான்.

நஞ்சுக்கொடி வழக்கமாகக் கருப்பையின் மேல்பகுதியிலோ பக்கச் சுவரிலோ ஒட்டியிருக்கும். சிலருக்கு அது கீழே, கருப்பை வாயை மூடியபடியோ அதன் விளிம்பைத் தொட்டபடியோ அமைந்துவிடுகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கு" என்று பலருக்கும் சொல்வார்கள். கருப்பை வளர வளர அவர்களில் பெரும்பாலோருக்கு நஞ்சு வாயிலிருந்து விலகி மேலே போய்விடும். சிலருக்குப் போகாது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல்.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு கருப்பையின் கீழ்ப்பகுதி மெலிந்து விரியத் தொடங்குகிறது. ஊதுகிற பலூனில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிப் பாருங்கள். பலூன் விரியும், பொட்டு விரியாது, ஓரம் பெயரும். நஞ்சின் ஓரமும் இப்படித்தான் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் தாயின் ரத்தக்குழாய்கள் வாய் திறக்கின்றன. கருப்பை இறுகவில்லை என்பதால் வலி தெரிவதில்லை. சிறிது ரத்தம் வந்து, உறைந்து, அடைத்துக்கொள்கிறது. விரிவது மட்டும் நிற்பதில்லை. அதனால்தான் முதல் கசிவை மருத்துவர்கள் எச்சரிக்கைக் கசிவு என்கிறார்கள். அடுத்தது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. அது திறந்துகொண்டால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமே போதாமல் போகலாம்.

இன்னொரு நிலை இதற்கு நேர்மாறு. சரியான இடத்தில் இருக்கும் நஞ்சே பிரசவத்துக்கு முன் கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், வயிற்றில் அடிபட்டவர்களுக்கும் இது நேர வாய்ப்பு அதிகம். இதில் வலி உண்டு. வயிறு பலகைபோல் இறுகி, தளராமல் நிற்கும். சிலருக்கு முதுகுவலியாக மட்டும் தெரியும். பிரிந்த நஞ்சுக்குப் பின்னாலேயே ரத்தம் தேங்கிவிடுவதால் துணியில் ஒரு சொட்டுதான் பட்டிருக்கும், உள்ளே ஒரு லிட்டர் போயிருக்கும். துணியில் பட்ட அளவை வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது என்பது இதனால்தான். ஸ்கேனிலும் இது பல நேரம் தெரியாமல் போகும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் அனுபவக் கைதான் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறது.

"எனக்கு ஒண்ணும் இல்லை, தெம்பாத்தான் இருக்கேன்" என்று தாய் சொல்வதையும் நம்பி இருந்துவிட முடியாது. கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. அந்தக் கூடுதல் ரத்தத்தால், ஒரு லிட்டர் இழந்த பிறகும் ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கலாம். முதலில் மாறுவது நாடித்துடிப்பு. அது நூறைத் தாண்டி ஓடும்போதே உடல் சமாளிக்கத் திணறுகிறது என்று பொருள். மயக்கமும் குளிர்ந்த வியர்வையும் வரும்போது தாமதமாகியிருக்கும்.

நம் பெண்ணின் கதைக்கு வருவோம். ஏழரை மணிக்கு அந்தப் பக்கம் வந்த கிராம சுகாதாரச் செவிலியர், மூன்றே கேள்வி கேட்கிறார்: வலி இருக்கிறதா, வயிறு இறுகுகிறதா, குழந்தை அசைகிறதா. பிறகு ஐந்தாம் மாத ஸ்கேன் தாளை வாங்கிப் பார்க்கிறார். நஞ்சு கீழே என்று எழுதியிருக்கிறது. "அம்மா, வெந்தயத்தை அப்புறம் பார்த்துக்கலாம். இவங்க இப்பவே கிளம்பணும்" என்று 108-ஐ அழைக்கிறார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இல்லை. ரத்த வங்கியும், எந்நேரமும் அறுவை அரங்கும், பச்சிளம் குழந்தைப் பிரிவும் உள்ள அரசு மருத்துவமனைக்கு.

அங்கே முதலில் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். கையில் ஊசிக்குழாய் போட்டு, ரத்த வகை பார்த்து, பொருந்தும் ரத்தத்தை எடுத்துவைக்கச் சொல்கிறார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். ஸ்கேன் எடுத்து நஞ்சின் இடம் தெரியும்வரை விரலை உள்ளே விட்டுப் பரிசோதிப்பதில்லை. நஞ்சு வாயிலேயே இருந்தால் அந்த விரலே அதைக் கிழித்துப் பெருக்கெடுக்க வைத்துவிடும். தாய்க்கு நெகட்டிவ் ரத்தவகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தோடு கலந்திருந்தால் அவள் உடல் அதை எதிர்க்கத் தொடங்காமல் அது தடுக்கும்.

ஸ்கேனில் நஞ்சு கருப்பை வாயை முழுதும் மூடியிருக்கிறது. உடனே அறுவை தேவையில்லை, ரத்தம் நின்றிருக்கிறது. ஆனால் அன்றே டெக்ஸாமெத்தசோன் ஊசி தொடங்குகிறார்கள்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு. குறைமாதத்தில் பிறந்தாலும் குழந்தையின் நுரையீரல் மூச்சுக்குத் தயாராக இது உதவும். முழுப் பலன் கிடைக்க ஏறக்குறைய இரண்டு நாள் வேண்டும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்திருந்தால் இழந்திருக்கக்கூடியது அந்த இரண்டு நாளில் ஒன்று.

வார்டிலேயே தங்கவைக்கிறார்கள். பத்தாம் நாள் இரவு மறுபடியும் ரத்தம், இம்முறை நிற்காமல். அறுவை அரங்கு மாடிப்படி தூரத்தில் இருக்கிறது, பொருந்தும் ரத்தம் தயாராக இருக்கிறது, குழந்தைக்கு ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று. குறைமாதக் குழந்தை சில வாரம் சிறப்புப் பிரிவில் இருந்து வீடு திரும்பும். அதே ரத்தப்போக்கு அம்மா வீட்டுக் கூடத்தில் வந்திருந்தால் கதை வேறு.

நான்காம் மாதத்துக்குப் பிறகு ரத்தம் படும் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. கருப்பை வாயில் புண், கிருமித்தொற்று, உறவுக்குப் பின் சிறு கசிவு என்று எளிய காரணங்களும் உண்டு. நிறைமாதத்தில் சளிபோல் கெட்டியாக, ரத்தக்கோடு படிந்து வருவது பிரசவம் நெருங்கும் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆனால் எது எளியது, எது கடுமையானது என்பதை வீட்டில் நிறத்தையும் அளவையும் பார்த்துப் பிரிக்க முடியாது. பரிசோதனை ஒன்றுதான் பிரிக்கும். அது அன்றே நடக்க வேண்டும்.

ஆகவே ரத்தம் பட்டால் நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நனைந்தது என்று எண்ணி, அவற்றை ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே எதையும் வைக்காதீர்கள், கழுவிப் பீய்ச்சாதீர்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் கிளம்பும் முன் சாப்பிட வேண்டாம். தாய்-சேய் அட்டையும் ஸ்கேன் தாள்களும் கையில் இருக்கட்டும். ரத்தம் வழிந்தால், வயிறு தளராமல் இறுகினால், தலை சுற்றினால், குழந்தை அசைவது குறைந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108. இவை எதுவும் இல்லை, ரத்தம் நின்றும்விட்டது என்றால், அப்போதும் அன்றே மருத்துவமனைக்கு.