உங்களுக்குத் தெரியுமா? ஷாங்காய்த் தங்கத்தின் தனி விலை

ஷாங்காய் தங்கச் சந்தையில் கிராமுக்கு இத்தனை யுவான் என்று கூறப்படும் விலையை 31.1035 ஆல் பெருக்கி, அன்றைய நாணய மாற்று விகிதப்படி டாலராக்கி, லண்டனின் அவுன்ஸ் விலையோடு ஒப்பிட்டால், இரண்டும் சமமாயிருப்பது அபூர்வம். சீன மத்திய வங்கியின் அனுமதி பெற்ற சில வங்கிகளே, அதுவும் அது வகுத்த அளவுக்குட்பட்டே, தங்கத்தை இறக்குமதி செய்ய இயலும் என்பதே இதற்குப் பிரதான காரணம். 2023 செப்டம்பரில், யுவானின் மதிப்புச் சரிந்து ஜனங்கள் தங்கத்தை நாடிய சமயத்தில், இறக்குமதி அனுமதியும் சுருங்கவே, ஷாங்காய் விலை அவுன்ஸுக்கு 100 டாலருக்கும் மேலாக லண்டனை விஞ்சியது. 2020இலோ, கொள்ளைநோயால் நகை வியாபாரம் படுத்துவிட, விலை லண்டனுக்குக் கீழே இறங்கியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி அந்நிய தேசத்தில் விற்கலாமென்றால், ஏற்றுமதிக்கும் அந்த மத்திய வங்கியின் அனுமதியே வேண்டும்.