"நீங்க சொல்லித்தான் வாங்கினோம்" என்கிறார் புரோக்கர்: யார் நிரூபிக்க வேண்டும்?

பங்குச்சந்தைக் கணக்கு வைத்திருக்கும் பலருக்கும், குறிப்பாகக் கிளை அலுவலகத்தில் இருக்கும் டீலர் வழியாக வாங்கி விற்கும் பெரியவர்களுக்கு, ஒருநாள் இப்படி நடக்கும். கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்தால் தாங்கள் சொல்லாத ஒரு ட்ரேட் அதில் இருக்கும். போன் போட்டுக் கேட்டால், "நீங்கதானே சார் சொன்னீங்க" என்று பதில் வரும். இவர் சொல்லவில்லை என்கிறார், அவர் சொன்னீர்கள் என்கிறார். இரண்டும் வாய்வார்த்தை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் "சரி, விடு"ன்னு விட்டுடறாங்க. சொல்லவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது என்ற மலைப்புதான் காரணம்.

ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள் இல்லை. புரோக்கர்.

செபி 2017இல் ஒரு சுற்றறிக்கை விட்டு, அதை 2018 மார்ச் 22ஆம் தேதி இன்னும் தெளிவாக்கியது. அனுமதியில்லாத ட்ரேடுகளைத் தடுப்பதற்கென்றே வந்தது அது. சாரம் இதுதான்: வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் கையில் இருந்தால்தான் புரோக்கர் ட்ரேட் செய்யலாம். அந்த ஆதாரம் கையெழுத்திட்ட காகிதமாக இருக்கலாம், போன் உரையாடலின் ஒலிப்பதிவாக இருக்கலாம், பதிவு செய்த மின்னஞ்சலில் இருந்து வந்த மெயிலாக இருக்கலாம், இணையம் வழி செய்ததென்றால் அதன் லாக், மொபைல் குறுஞ்செய்தியின் பதிவு, அல்லது சட்டப்படி சரிபார்க்கக்கூடிய வேறு ஏதாவது ஒன்று. போனில் ஆர்டர் வாங்கினால் ஒலிப்பதிவு கட்டாயம். தகராறு வந்தால் இவற்றை எடுத்துக் காட்டும் பொறுப்பு புரோக்கருடையது.

இதைப் படித்துவிட்டு "அப்போ நான் ஜெயிச்சுட்டேன்" என்று நினைக்க வேண்டாம். அதே சுற்றறிக்கையில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. தொழில்நுட்பக் கோளாறு போன்ற அரிதான காரணங்களால் ஆதாரத்தைக் காட்ட முடியாவிட்டால், புரோக்கர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அப்போது வேறு சில விஷயங்களையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. ட்ரேட் நடந்த பிறகு வாடிக்கையாளர் அதை உறுதிப்படுத்தினாரா? அந்த ட்ரேடுக்காகப் பணமோ பங்கோ கொடுத்தாரா, வாங்கினாரா? நடைமுறையில் பெரும்பாலான சண்டைகள் இந்த வாசல் வழியாகத்தான் நடக்கின்றன. உங்கள் ஆட்சேபக் கடிதத்தின் முதல் வேலை இந்த வாசலை மூடுவதுதான்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஓய்வுபெற்ற என் உறவினர் ஒருவருடைய கணக்கு. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மூன்று வாரத்தில் பதினோரு இன்ட்ராடே ட்ரேடுகள், ஒன்றையும் அவர் சொல்லவில்லை. முதல் ட்ரேட் இப்படி:

வாங்கியது: 500 பங்கு, விலை 212.40, ஆர்டர் நேரம் 11:42:17
விற்றது: 500 பங்கு, விலை 207.10, ஆர்டர் நேரம் 14:58:03

பங்குக்கு 5.30 ரூபாய் நஷ்டம், 500 பங்குக்கு 2,650. இரண்டு பக்கமும் சேர்த்து புரோக்கரேஜ், எஸ்.டி.டி., ஜி.எஸ்.டி., முத்திரைத்தீர்வை எல்லாம் சுமார் 160 ரூபாய். பதினோரு ட்ரேடில் எட்டில் நஷ்டம், மொத்தம் 24,600. மூன்றில் லாபம், 5,400. நிகர நஷ்டம் 19,200. கட்டணங்கள் சுமார் 1,800. ஆக 21,000 ரூபாய்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த மூன்று லாப ட்ரேடுகள். "நஷ்டத்தை மட்டும் கேட்போம், லாபம் இருந்துட்டுப் போகட்டும்" என்று தோன்றுவது இயல்பு. அப்படிச் செய்தால் வழக்கு அங்கேயே பலவீனமாகிறது. லாபம் வந்த ட்ரேடை ஏற்றுக்கொண்டவர், அதே டீலர் அதே விதத்தில் செய்த நஷ்ட ட்ரேடை மட்டும் எப்படி மறுக்கிறார் என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்விதான். எனவே பதினொன்றையும் மறுத்து, நிகரத் தொகையைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது எழுதும் முறை. கடிதம், புரோக்கரிடம் நீங்கள் பதிவு செய்த மின்னஞ்சலில் இருந்துதான் போக வேண்டும். டீலருக்கோ கிளை மேலாளருக்கோ அனுப்பினால் போதாது. கான்ட்ராக்ட் நோட்டிலும் இணையதளத்திலும் கம்ப்ளையன்ஸ் ஆபீசரின் முகவரியும் முதலீட்டாளர் குறைகளுக்கான மின்னஞ்சலும் இருக்கும், அந்த இரண்டுக்கும் போகட்டும். உறவினர் அனுப்பியதன் உள்ளடக்கம் ஏறத்தாழ இதுதான்:

"என் வாடிக்கையாளர் குறியீட்டில் கீழ்க்கண்ட பதினோரு ட்ரேடுகள் நடந்துள்ளன. தேதி, ஆர்டர் எண், ஆர்டர் நேரம் ஆகியவை இணைப்பில் உள்ளன. லாபம் நஷ்டம் எதுவாயினும் இவற்றில் எதற்கும் நான் ஆர்டர் கொடுக்கவில்லை. இவற்றை நான் ஏற்கவில்லை. என் கணக்கில் இவற்றுக்காகப் பற்று வைக்கப்பட்டதையோ வரவு வைக்கப்பட்டதையோ என் ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது. ஒவ்வோர் ஆர்டருக்கும் தனித்தனியாகப் பின்வருவனவற்றை எழுத்தில் தெரிவிக்கவும்: ஆர்டர் எந்த வழியில் பெறப்பட்டது; போன் என்றால் எந்த எண்ணில் இருந்து எந்த நேரத்தில், அதன் முழு ஒலிப்பதிவு; இணையம் அல்லது மொபைல் செயலி என்றால் லாக்இன் நேரமும் ஐ.பி. முகவரியும் உள்ள லாக்; ஆர்டர் எந்த டெர்மினலில் இருந்து போடப்பட்டது, அதை இயக்கியவர் யார். ஆதாரம் இல்லையென்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் சொல்லவும். இனி என் குறிப்பான ஆணையின்றி எந்த ஆர்டரும் போட வேண்டாம்."

இதில் கோபம் இல்லை, "மோசடி" என்ற சொல்லும் இல்லை. வேண்டுமென்றேதான். ஒவ்வொரு வரியும் ஒரு குறிப்பான பதிலைக் கேட்கிறது. பதில் வராத வரி எது என்பது பிறகு யார் படித்தாலும் பளிச்சென்று தெரியும்.

முதல் பதில் பத்து நாளில் வந்தது. "தங்களுக்குத் தினமும் கான்ட்ராக்ட் நோட்டும் எஸ்.எம்.எஸ்.ஸும் அனுப்பப்பட்டன. தாங்கள் அப்போது ஆட்சேபிக்கவில்லை. எனவே ட்ரேடுகள் தங்கள் அறிவுடன் நடந்தவை." இந்தப் பதில் கிட்டத்தட்ட ஒரு டெம்ப்ளேட். கேட்டது ஆர்டருக்கு முந்தைய ஆதாரம், வந்தது ட்ரேடுக்குப் பிந்தைய தகவல். கேள்விக்குப் பதில் இல்லை என்பதை ஒரே பத்தியில் சுட்டி மறுபடி எழுதினார். ஆனாலும் அந்தப் பதிலில் கொஞ்சம் வலு இருக்கத்தான் செய்கிறது. மூன்று வாரம் என்பதால் சமாளிக்க முடிந்தது. ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எழுதியிருந்தால் கதை வேறு. கான்ட்ராக்ட் நோட் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும், எக்ஸ்சேஞ்சும் தனியாக எஸ்.எம்.எஸ். அனுப்பும். பார்த்த அன்றே எழுதுவதுதான் வலுவான ஆட்சேபம். ஒருவேளை எதுவுமே வரவில்லை என்றால், கணக்கில் பதிவாகியிருக்கும் மொபைலும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று உடனே பாருங்கள். டீலரின் எண்ணே அங்கே இருந்த கேஸ்களும் உண்டு.

இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு இரண்டு ட்ரேடுகளுக்கு மட்டும் ஒலிப்பதிவு வந்தது. இங்கே செய்ய வேண்டியது எந்த சாஃப்ட்வேர்காரரும் பழகிய வேலைதான்: டைம்ஸ்டாம்ப்களை ஒப்பிடுவது. ஒரு ட்ரேடில் ஆர்டர் நேரம் 10:21, அழைப்பின் நேரம் 12:10. அதாவது வாங்கி முடித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துப் பேசியது. உரையாடலில் டீலர், "சார், இன்னைக்கு ஒண்ணு எடுத்திருக்கோம், பார்த்துக்கிறேன், ஓகேதானே?" என்கிறார். இவர் "ம்ம், சரிப்பா" என்கிறார். மற்றொன்றும் இதே ரகம். பங்கின் பெயர் இல்லை, எண்ணிக்கை இல்லை, விலை இல்லை. இதை ஆர்டர் என்று சொல்ல முடியாது. ஆனால் மேலே சொன்ன விதிவிலக்கில் வரும் "ட்ரேடுக்குப் பிந்தைய உறுதிப்படுத்தல்" என்று வாதாடலாம். மரியாதைக்காகச் சொன்ன ஒரு "சரி"தான் புரோக்கருக்குக் கிடைத்த ஒரே பிடி. இப்படி அழைப்பு வந்தால், "இதை நான் சொல்லலையே, ஏன் எடுத்தீங்க?" என்று அந்த ஒலிப்பதிவிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இந்த முறை வேலை செய்யாத ஒரு சூழ்நிலையும் உண்டு. லாக்இன் ஐ.டி., பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாவற்றையும் டீலரிடம் கொடுத்துவிட்டிருந்தால், லாக் உங்கள் பெயரில்தான் இருக்கும். அப்போது புரோக்கர் கையில் ஆதாரம் இருக்கிறது என்றாகிவிடும். அந்த ஐ.பி. முகவரி கிளை அலுவலகத்துடையது என்று காட்ட முடிந்தால் கொஞ்சம் வழி உண்டு, ஆனால் பாடு அதிகம். "நீங்க பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருக்கீங்களே" என்ற வாதத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம். செட்டில்மென்ட்டுக்குப் பங்கை நகர்த்தவும் அடமானம் வைக்கவும்தான் அது. உங்களுக்காக எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அது தருவதில்லை.

எழுத்துப் பதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த இடம் செபியின் ஸ்கோர்ஸ் தளம், scores.sebi.gov.in. முதலில் புரோக்கரிடம் முறையிட்டிருக்க வேண்டும், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். புரோக்கர் 21 நாளில் பதில் அறிக்கை தர வேண்டும். அது சரியில்லை என்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கும் மேலே smartodr.in வழியாகச் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. ஒவ்வொரு படியிலும் முதலில் கேட்கப்படுவது நீங்கள் அனுப்பிய கடிதமும் வந்த பதிலும்தான். போனில் போட்ட சண்டைக்கு அங்கே மதிப்பு இல்லை.

உறவினர் ஸ்கோர்ஸில் பதிந்தார். புரோக்கரின் அறிக்கையில் ஒன்பது ட்ரேடுகளுக்கு ஆர்டர் ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டு, சுமார் 16,500 ரூபாயைக் கணக்கில் திருப்பி வரவு வைத்தார்கள். "சரிப்பா" சொன்ன இரண்டு ட்ரேடுகளுக்கான மீதி, சுமார் 4,400 ரூபாய், வரவில்லை. அதற்காக மேலே போக வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். கணக்கை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்.