மலைப்பாதையில் மூன்று மொழிகள்

சுற்றுப்பயண வழிகாட்டி என்றால் இடங்களைக் காட்டிக் கதை சொல்பவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கேமரன் மலைக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் எனக்கு, தேயிலைத் தோட்டத்தின் கதை சொல்வது வேலையில் பாதிதான். மீதிப் பாதி, ஏற்றிச் சென்றவர்களைப் பத்திரமாகக் கீழே இறக்குவது.

எனக்கு மூன்று மொழிகள் தெரியும். பயணிகளுடன் தமிழும் ஆங்கிலமும், ஓட்டுநருடன் மலாயும் பேசுகிறேன். தமிழகத்திலிருந்து வரும் குடும்பங்களில் பாட்டி, தாத்தா இருந்தால் தமிழின் அருமை புரியும். "படபடன்னு வருது" என்று ஒரு பாட்டி சொன்னால், ஆங்கிலத்தில் பேசும் பேரன் அதை "களைப்பாக இருக்கிறாராம்" என்று சுருக்கிவிடுவான். அந்தச் சொல்லை நேரடியாகக் கேட்பவர் எச்சரிக்கையாகிவிடுவார்.

மலைக்கு நான் பயன்படுத்தும் வழிகள் இரண்டு. ஒன்று, தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா செல்லும் 59ஆம் எண் பழைய சாலை. ஏறத்தாழ 60 கிலோமீட்டர், குறுகலானது, வளைவுக்கு மேல் வளைவு. தலைசுற்றல் உள்ளவர்களுக்குச் சோதனைதான். மற்றொன்று, ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் சாலை. இது அகலமானது, வளைவுகளும் பெரியவை. ஆனால் அகலமான சாலையே பாதுகாப்பானது என்று நினைக்கக்கூடாது. நீண்ட இறக்கத்தில் வண்டி தானாக வேகமெடுக்கும். 2010 டிசம்பரில் தாய்லாந்துப் பயணிகள் வந்த பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்தச் சாலையில்தான்.

ஒரு பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் நடந்ததைச் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த பத்துப் பேர் கொண்ட குடும்பம், எழுபது வயதைக் கடந்த பாட்டியும் உடன் இருந்தார். காலை ஏழு மணிக்கே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்குக் கிளம்பிவிட்டோம். விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் பிரிஞ்சாங்கிற்கும் கியா ஃபார்ம் சந்தைக்கும் இடையே வண்டிகள் நகராது. மதியம் தானா ராத்தாவில் சாப்பிட்டுவிட்டு தாப்பா வழியாகக் கோலாலம்பூர் திரும்புவது திட்டம்.

சாப்பிடும்போதே கனமழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் நான் முதலில் செய்வது, கீழேயிருந்து ஏறி வரும் ஓட்டுநர் நண்பர்களைத் தொலைபேசியில் அழைப்பதுதான். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு அருகே மரம் விழுந்து, சாலையில் மண் சரிந்து கிடப்பதாக ஒருவர் சொன்னார். நெரிசல் இருக்கும் என்று தெரிந்தே சிம்பாங் பூலாய் வழிக்கு மாறினோம். காத்திருந்து தாப்பா வழியில் போகலாம் என்றார் குடும்பத் தலைவர். "ஐயா, நெரிசல்னா நேரம்தான் போகும். மேல இருக்கிற மண்ணு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது" என்றேன். ஒப்புக்கொண்டார்.

கியா ஃபார்மைத் தாண்டவே இரண்டு மணி நேரம் ஆனது. அப்போதுதான் பாட்டி படபடப்பு என்றார். குளிரிலும் நெற்றியில் வியர்வை, கைகளில் நடுக்கம். அவருக்கு நீரிழிவு உண்டு, மாத்திரை போட்டிருந்தார், ஆனால் வாந்தி வருமோ என்று பயந்து மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. சர்க்கரை இறங்கியதன் அறிகுறிகள் இவை. பையிலிருந்த இனிப்புப் பானத்தைக் குடிக்கக் கொடுத்தோம், பிறகு பிஸ்கட். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அவர் விழித்து, விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால்தான் கொடுத்தோம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 999ஐ அழைக்க வேண்டும்.

இறக்கத்தில் ஓட்டுநருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஏறுவதற்குத் தேவைப்படும் அதே சிறிய கியரில் இறங்குங்கள். இயந்திரமே வேகத்தைப் பிடித்து வைக்கும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கருகிய வாடை வரும், பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். அந்த வாடை வந்தால் இடம் பார்த்து நிறுத்தி, ஆறவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அன்று அப்படி எதுவும் நேரவில்லை. இருட்டியபின் நெடுஞ்சாலையை அடைந்தோம், எல்லோரும் இடைவார் அணிந்தபடியே.

உங்கள் குடும்பத்துக்கு வண்டி பேசும்போது விலையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். வழிகாட்டியிடம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா? ஒவ்வோர் இருக்கையிலும் வேலை செய்யும் இடைவார் உண்டா? மழை பெய்தால் எந்த வழியாகத் திரும்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், வேறொருவரை அழையுங்கள்.