இடத்தை அடைத்த படம், விலையை ஏற்றிய எழுத்து

2023 பிப்ரவரி 1 அன்று பிட்காயின் பிளாக்செயினில் 774628-ஆம் பிளாக் சேர்ந்தது. வழக்கமாக ஒரு பிளாக்கில் ஆயிரக்கணக்கான பணமாற்றங்கள் இருக்கும். இதிலோ கிட்டத்தட்ட முழு இடத்தையும் ஒரே ஒரு பரிமாற்றம் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்தது தொப்பி வைத்த, தாடிக்கார மந்திரவாதி ஒருவரின் கார்ட்டூன் படம். அளவு 4 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு.

படத்தின் இணைய முகவரியை மட்டும் பிளாக்செயினில் எழுதிவிட்டுப் படத்தை வேறெங்கோ ஒரு சர்வரில் வைப்பதுதான் அதுவரை பெரும்பாலான டிஜிட்டல் ஓவிய வியாபாரத்தில் வழக்கம். சர்வர் போனால் படமும் போகும். இந்த மந்திரவாதி அப்படியல்ல. படத்தின் ஒவ்வொரு பைட்டும் பிளாக்குக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தது. கேசி ரோடார்மர் என்ற மென்பொருளாளர் அதற்கு முந்தைய மாதம் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட முறை இது. ஆங்கிலத்தில் இன்ஸ்கிரிப்ஷன் என்கிறார்கள். கல்லில் பொறிப்பதைச் சொல்லும் அதே சொல்தான்.

பணக் கணக்கு எழுதும் பேரேட்டில் படத்துக்கு எப்படி இடம் கிடைத்தது?

பிட்காயினில் ஒருவர் பணத்தைச் செலவழிக்கும்போது, அது தன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கையொப்பமும், சில வேளைகளில் ஒரு சிறு நிரலும் அந்த ஆதாரம். 2017-இல் வந்த செக்விட் மாற்றம் இந்த ஆதாரங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, சலுகையும் கொடுத்தது. ஒரு பிளாக்கின் மொத்தக் கொள்ளளவு 40 லட்சம் எடை அலகு. சாதாரணப் பகுதியில் ஒரு பைட்டுக்கு 4 அலகு கணக்கிடப்படும். ஆதாரப் பகுதியில் 1 அலகு மட்டுமே. 2021 நவம்பரில் வந்த டாப்ரூட் மாற்றம், அந்த ஆதார நிரலுக்கு இருந்த 10,000 பைட் உச்சவரம்பையும் நீக்கிவிட்டது. வேறு நோக்கங்களுக்காகச் செய்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்து, கால் விலையில் ஒரு பெரிய கிடங்கைத் திறந்துவிட்டன.

ரோடார்மர் அந்தக் கிடங்குக்குள் சரக்கை இறக்கிய விதம் அழகானது. நிரலில் ஒருபோதும் இயங்காத ஒரு கிளையை எழுதி, படத்தை அதற்குள் வைத்தார்:

```
OP_FALSE
OP_IF
  "ord"
  OP_1
  "image/png"
  OP_0
  <படத்தின் பைட்டுகள்>
OP_ENDIF
```

முதல் வரி ‘பொய்’ என்கிறது. அடுத்த வரி ‘உண்மையானால் மட்டும் உள்ளே போ’ என்கிறது. ஆகவே பிட்காயின் கணினிகள் உள்ளே இருப்பதை இயக்காமல் தாண்டிப் போகின்றன. ஆனால் எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். ஒரு துண்டு 520 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற விதி மட்டும் மிச்சமிருந்தது. 40,000 பைட் படம் என்றால் அதை 77 துண்டுகளாக்கி வரிசையாக அடுக்க வேண்டும், அவ்வளவே. இதற்கு இரண்டு பரிமாற்றங்கள் வேண்டும். முதலாவது, நிரலின் சுருக்க முத்திரையோடு ஒரு சிறு தொகையைப் பூட்டிவைக்கும். இரண்டாவது, அந்தத் தொகையைச் செலவழிக்கும் சாக்கில் நிரல் முழுவதையும் வெளியே காட்டும். படம் பிளாக்செயினில் ஏறுவது அப்போதுதான்.

40,000 பைட் படத்துக்குச் செலவு என்ன? ஆதாரப் பகுதியில் நான்கு பைட் சேர்ந்தால்தான் கட்டணக் கணக்கில் ஒரு பைட். ஆக, 10,000 பைட்டுக்குக் கட்டினால் போதும். நெரிசல் இல்லாத நேரத்தில் பைட்டுக்கு ஒரு சடோஷி வீதம் 10,000 சடோஷி. அன்றைய விலையில் இரண்டு டாலருக்குச் சற்று அதிகம். (ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சடோஷி.)

பிளாக்குகள் படங்களால் பெருத்தது கண்ணுக்குத் தெரிந்தது. அதனால், கட்டண உயர்வுக்கும் படங்களே காரணம் என்று பலர் நம்பினார்கள். உண்மை வேறு. படம் பொறிப்பவருக்கு அவசரம் இல்லை; இன்று ஏறாவிட்டால் நாளை ஏறட்டும் என்று குறைந்த கட்டணம் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அவர் பிடித்தது பெரும்பாலும் காலியாகக் கிடந்த இடத்தை. கட்டணத்தை ஏற்றியது அதன் பிறகு வந்த எழுத்து.

2023 மார்ச்சில், டோமோ என்ற புனைபெயரில் இயங்கிய ஒருவர், படத்துக்குப் பதில் இப்படி ஒரு வரியைப் பொறிக்கும் யோசனையை முன்வைத்தார்:

```
{"p":"brc-20","op":"mint","tick":"ordi","amt":"1000"}
```

‘ordi என்ற நாணயத்தில் எனக்கு 1000 வேண்டும்’ என்பது இதன் பொருள். மொத்தம் 2 கோடியே 10 லட்சம். ஒரு முறைக்கு 1000-க்கு மேல் இல்லை. அப்படியென்றால் 21,000 பொறிப்புகள் நடந்தால்தான் நாணயம் தீரும். முந்துபவருக்கே கிடைக்கும். எவர் முந்தினார் என்பதைத் தீர்மானிப்பது பிளாக்கில் விழும் வரிசை. அந்த வரிசையில் முன்னே நிற்க, கட்டணத்தைக் கூட்டி வைப்பது ஒன்றே வழி. மைனர்கள் கூடுதல் கட்டணம் தருபவரைத்தானே முதலில் எடுப்பார்கள்?

53 எழுத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று தோன்றலாம். அந்த வரி மட்டும் சலுகை விலையில் போகிறது. அதைச் சுமக்கும் இரண்டு பரிமாற்றங்களின் உடல்பகுதி முழு விலை இடத்தில் உட்காருகிறது. இரண்டும் சேர்ந்து கட்டணக் கணக்கில் சுமார் 300 பைட். சாதாரணமாகப் பணம் அனுப்புபவருக்கு 140 பைட் போதும். ஆகவே ஒவ்வொரு நாணயப் பொறிப்பும், பணம் அனுப்ப வந்த இருவரின் இடத்தைப் பிடித்தது. மே மாதத்துக்குள் ஆயிரக்கணக்கான பெயர்களில் இப்படி நாணயங்கள் முளைத்துவிட்டன.

மே 7, 8 தேதிகளில் காத்திருப்பு வரிசையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் தேங்கின. பைனான்ஸ் சந்தை பிட்காயின் வெளியேற்றத்தை இருமுறை நிறுத்திவைத்தது. 788695-ஆம் பிளாக்கில், மைனருக்கு அப்போது புதிதாகக் கிடைத்துவந்த 6.25 பிட்காயினைவிடக் கட்டண வசூலே அதிகம். 2017-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

சாதாரண மனிதருக்கு இது என்ன செய்தது என்று பார்க்கலாம். பைட்டுக்கு 10 சடோஷி இருந்தபோது 140 பைட் பணமாற்றத்துக்கு 1,400 சடோஷி. அன்றைய விலையில் அரை டாலர்கூட இல்லை. உச்ச நேரத்தில் விகிதம் 400-ஐத் தாண்டியது. அதே பணமாற்றத்துக்கு 56,000 சடோஷி, ஏறத்தாழ 15 டாலர். அனுப்புவது ஆயிரம் டாலரா, பத்து டாலரா என்று கட்டணம் பார்ப்பதில்லை. பத்து டாலர் வைத்திருந்தவரால் அன்று அதை அனுப்பவே முடியவில்லை.

நாணயம் தேடியவர்களும் தப்பவில்லை. பிட்காயின் கணினிகளுக்கு ordi என்றால் என்னவென்றே தெரியாது. அவரவருக்கு எவ்வளவு சேர்ந்தது என்று எண்ணுவது வெளியே உள்ள தனி மென்பொருள்கள். மொத்தமும் தீர்ந்த பிறகு வரும் பொறிப்பையும் பிட்காயின் முறையாகப் பதிவுசெய்யும், கட்டணத்தையும் எடுத்துக்கொள்ளும். எண்ணும் மென்பொருள் மட்டும் அதைச் செல்லாது என்று ஒதுக்கிவிடும். பொறித்தவருக்கு மிஞ்சுவது பயனில்லாத ஒரு வரி.

இதே பழக்கம் மற்ற பிளாக்செயின்களுக்கும் தொற்றியது. 2023 டிசம்பர் 15 அன்று ஆர்பிட்ரம் என்ற வலைப்பின்னல், பொறிப்புகளின் வெள்ளத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றுபோனது. அதே மாதம் பிட்காயின் மென்பொருளாளர் லூக் டேஷ்ஜூனியர், பொறிப்புகள் மென்பொருளின் ஓட்டையைப் பயன்படுத்துகின்றன, அதை அடைக்க வேண்டும் என்றார். கட்டணம் கட்டியவருக்கு இடம் உண்டு, உள்ளே என்ன எழுதினால் என்ன என்பது மறுதரப்பின் வாதம். பெரிய மைனர்கள் கட்டணத்தை விடத் தயாராக இல்லாததால் வடிகட்டும் முயற்சி எடுபடவில்லை.

இடப் பிரச்சினையிலும் படத்தைவிட எழுத்தே பெரிய சுமை. வட்டில் இடம் போதாத கணினி, பழைய பிளாக்குகளைச் சரிபார்த்த பிறகு அழித்துவிடலாம். மந்திரவாதியும் அவற்றோடு போய்விடுவார். ஆனால் ஒவ்வொரு நாணயப் பொறிப்பும் பெரும்பாலும் 546 சடோஷி கொண்ட ஒரு சில்லறைக் காசை விட்டுச்செல்கிறது. செலவாகாத காசுகளின் பட்டியலை எந்தக் கணினியும் அழிக்க முடியாது. புதிய பணமாற்றம் ஒவ்வொன்றையும் அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். 2023 தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் 8 கோடிக்குச் சற்று மேல் இருந்தது. 2024-இல் 15 கோடியைத் தாண்டியிருந்தது. ஒரு சில்லறைக் காசைச் செலவழிக்க ஏறக்குறைய 58 பைட் கட்டணம் ஆகும். பைட்டுக்கு 10 சடோஷி என்றாலே 580. அந்தக் காசு 546.