மூன்று பாட்டில், ஒரே வெளிச்சம்

ஒரே வடிவில் அரை, ஒன்று, இரண்டு லிட்டர் எண்ணெய் பாட்டில்கள். கொள்ளளவு இரட்டித்தாலும் உயரம் கால் பங்குதான் கூடும்: சுமார் 20, 25, 32 செ.மீ. தனித்தனியே எடுத்து ஒட்டினால் இந்த விகிதம்தான் முதலில் கெடுகிறது, வாங்குபவர் ஏமாறுகிறார். மூன்றையும் சேர்த்து நிறுத்தி எடுப்பதே நேர்மை.

கேமரா அரை மீட்டரில் இருந்தால், 5 செ.மீ. முன்னால் நகர்ந்த சின்ன பாட்டில் பத்து சதவீதத்துக்கும் மேல் பெரிதாகத் தெரியும். 2 மீட்டர் தள்ளி வைத்தால் அது மூன்று சதவீதத்துக்குள் அடங்கும். இடைவெளியை நடுவிலிருந்து அளக்காமல் விளிம்புக்கு விளிம்பு அளக்க வேண்டும். விளக்கு இடப்பக்கம் என்றால் சின்னதும் இடப்பக்கமே நிற்கட்டும். இல்லாவிட்டால் பெரியதன் நிழல் அதன் லேபிளில் விழும். ஒட்டுப்படமா என்று சந்தேகம் வந்தால், கண்ணாடியில் மின்னும் வெள்ளைக் கோடு மூன்றிலும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.