ஜெலற்றின் புடிங்கைக் கடற்பாசிக்கு மாற்றும் கணக்கு

ஜெலற்றின் என்பது மாடு, பன்றி போன்ற விலங்குகளின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் புரதம். ஆகவே சைவ வீடுகளில் அதற்கு இடமில்லை. அங்கே கைகொடுப்பது அகர் அகர். வத்தளை, கொழும்புக் கடைகளில் கடற்பாசி, சைனா கிராஸ் என்ற பெயர்களில் இழையாகவோ தூளாகவோ கிடைக்கும் இது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் காபோவைதரேற்று வகை.

இரண்டும் திரவத்தை உறைய வைக்கின்றன. ஆனால் வெப்பத்துக்கு நடந்துகொள்ளும் விதம் வேறு. ஜெலற்றின் புடிங் 30 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். கொழும்பு வெயிலில் மேசைக்கு வந்த சிறிது நேரத்தில் விளிம்பு சரிவது இதனால்தான். வாயில் வெண்ணெய்போல் கரையும் சுகமும் இதே குணத்தால் வருவது. அகர் 35 முதல் 40 பாகைக்குள் உறைந்துவிடும். மறுபடி உருக ஏறத்தாழ 85 பாகை வேண்டும். குளிர்சாதனப்பெட்டி இல்லாமலே உறையும், ஆனால் நாவில் கரையாது, கடிபடும்.

இந்த வேறுபாடு ஆய்வுகூடத்தையும் மாற்றியது. 1881இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்ற ஆய்வாளர், நுண்ணுயிர் வளர்த்த ஜெலற்றின் கோடையில் உருகியதால் திண்டாடினார். தம் சமையலறையில் ஜெலி செய்ய அகரைப் பயன்படுத்திவந்த அவர் மனைவி ஃபானி, அதையே முயன்று பார்க்கச் சொன்னார். இன்றும் ஆய்வுகூடத் தட்டில் இருப்பது அகர்தான்.

அளவுக்கு வருவோம். அரை லீற்றர் பால் புடிங்குக்கு 7 கிராம் ஜெலற்றின் என்று குறிப்பு சொன்னால், அகர் தூள் 2 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி போதும். எடைக்கு எடை மாற்றினால் புடிங் றப்பர்போல் ஆகும். ஜெலற்றினை ஊறவைத்து இளஞ்சூட்டில் கரைத்தால் போதும். அகர் கொதிக்க வேண்டும். 150 மில்லிலீற்றர் தண்ணீரில் தூளைக் கலக்கி, கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடவேண்டும். கரண்டியில் மணிமணியாக ஒட்டாவிட்டால் கரைந்துவிட்டது. மீதி 350 மில்லிலீற்றருக்குப் பாலும் ரின்பாலும் கலந்து, சூடாக்கி ஊற்றவேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் அகர் அந்த இடத்திலேயே திரிந்து நூல்நூலாகிவிடும். பல வீடுகளில் புடிங் கெடுவது இங்கேதான். இழைப் பாசியின் வலு பைக்குப் பை மாறும். அதற்குத் தூளின் கணக்கு பொருந்தாது.

தூளானாலும் இழையானாலும் அச்சில் ஊற்றுமுன் ஒரு கரண்டியைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பார்ப்பது நல்லது. சில நிமிடத்தில் விரல் பட்டால் ஒட்டாமல் அசைந்தால் சரி. கெட்டியானால் சூடான பாலும், தளர்ந்தால் வேறாகக் கொதிக்கவைத்த சிறிது அகரும் சேர்க்கலாம்.

பச்சை அன்னாசியும் பப்பாசியும் புரதத்தைச் சிதைப்பதால் ஜெலற்றினை உறையவிடா. அகர் புரதமல்ல என்பதால் அவற்றுக்கு அசையாது. தேசிக்காய்ப் புளி மட்டும் அகரோடு சேர்ந்து கொதிக்கக் கூடாது, உறைவு தளரும். அடுப்பை அணைத்த பின் சேர்க்கலாம். அடித்த கிறீம் கலக்கும் புடிங்குக்கு அகர் அவ்வளவு பொருத்தமில்லை. கிறீமின் குளிர்ச்சியில், கலக்கி முடிக்குமுன்னே உறைந்து கட்டிபடும்.

அகர் புடிங் மறுநாள் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விடும். அது கெட்டதன் அடையாளமல்ல, வடித்துவிட்டுப் பரிமாறலாம்.