சந்தைச் சரிவுக்குக் காப்பு: புட் ஆப்ஷன் விலை காட்டும் சாய்வு

ஒரு பங்குக் குறியீட்டின் மீதான புட் ஆப்ஷன் என்பது, குறிப்பிட்ட நாளில் குறியீடு ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் அந்த வித்தியாசத்தைப் பெற்றுத்தரும் ஒப்பந்தம். அந்த மட்டத்தை ஸ்ட்ரைக் விலை என்பார்கள். ஒப்பந்தத்தை வாங்கக் கொடுக்கும் பணம் பிரீமியம். கால் ஆப்ஷன் இதற்கு நேர்மாறானது. குறியீடு ஸ்ட்ரைக்கைத் தாண்டி ஏறினால் பணம் தரும்.

பிரீமியத்தைக் கணக்கிட 1973இல் பிளாக், ஷோல்ஸ் இருவரும் வெளியிட்ட சூத்திரத்துக்குத் தேவைப்படும் விவரங்களில் ஒன்றைத் தவிர மற்றவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது, இனி வரும் நாட்களில் குறியீடு எவ்வளவு ஏறி இறங்கும் என்பது. சந்தையில் நடக்கும் பிரீமியத்தைச் சூத்திரத்தில் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அந்த எண் கிடைக்கும். வணிகர்கள் இதை ஐ.வி. (இம்ப்ளைடு வோலட்டிலிட்டி) என்கிறார்கள். சூத்திரத்தின்படி, ஒரே நாளில் முடியும் எல்லா ஆப்ஷன்களுக்கும் ஐ.வி. ஒன்றாகவே இருக்க வேண்டும். நடப்பில் அப்படி இருப்பதில்லை. ஸ்ட்ரைக் கீழே போகப் போக ஐ.வி. உயர்கிறது. இந்தச் சாய்வுதான் ஸ்க்யூ.

அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 ஆப்ஷன்களில் இந்தச் சாய்வு 1987 வரை பெரிதாக இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 19 அன்று குறியீடு ஒரே நாளில் 20 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. சூத்திரத்தின் கணக்கில் நடக்கவே வாய்ப்பில்லாத ஒன்று நடந்துவிட்டது. மலிவாகப் புட் விற்றவர்கள் பெரும் நட்டம் அடைந்தார்கள். அதற்குப் பிறகு கீழ்மட்டப் புட்டுகளைப் பழைய விலைக்கு விற்க ஆள் இல்லை. சாய்வு அன்றுமுதல் நிலைத்துவிட்டது.

அது விலையில் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். குறியீடு 5,000இல் இருக்கிறது, ஆப்ஷனுக்கு மூன்று மாத ஆயுள், வட்டியை விட்டுவிடலாம். 5,000 ஸ்ட்ரைக்கின் ஐ.வி. 16 விழுக்காடு. 4,500 ஸ்ட்ரைக் புட்டுக்கும் அதே 16 என்றால் அதன் பிரீமியம் சுமார் 17 புள்ளிதான். ஆனால் அங்கே ஐ.வி. 24 என்றால் பிரீமியம் 59 புள்ளி ஆகிவிடும், அதாவது மூன்றரை மடங்கு. மேலே அதே 500 புள்ளி தொலைவில் உள்ள 5,500 கால் ஆப்ஷனின் ஐ.வி. 13 என்றால் அதன் பிரீமியம் வெறும் 11 புள்ளி. ஏற்றத்துக்கு 11 கொடுக்கும் சந்தை, இறக்கத்துக்கு 59 கொடுக்கிறது.

இந்த 59ஐ யார் கொடுக்கிறார்கள்? ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பரஸ்பர நிதிகள் போன்று பெரிய அளவில் பங்கு வைத்திருப்பவர்கள். அவர்களால் பங்குகளை விற்றுவிட்டு ஒதுங்கி நிற்க முடியாது. ஆகவே பங்கை வைத்துக்கொண்டே காப்பு வாங்குகிறார்கள். போலன், வேலி இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, குறியீட்டு ஆப்ஷன்களின் ஐ.வி. மாற்றங்களைப் புட் வாங்குவோரின் அழுத்தமே அதிகம் தீர்மானிக்கிறது என்று காட்டியது. தனிப் பங்குகளின் ஆப்ஷன்களில் கால் வாங்குவோரின் கைதான் ஓங்கியிருந்தது. தனிப் பங்குகளைவிடக் குறியீட்டில் சாய்வு செங்குத்தாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெரும் சரிவில் எல்லாப் பங்குகளும் சேர்ந்தே விழும். பல பங்குகளில் பிரித்துப் போட்ட பாதுகாப்பு அப்போது உதவாது என்பது மற்றொன்று.

ஆனால் சாய்வு கூடினாலே அச்சம் கூடிவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. புட் விற்கும் வணிகர்களும் இழப்புக்கு அஞ்சுபவர்களே. அவர்களின் முதலீட்டு வரம்பு சுருங்கினால், வாங்குவோர் கூடாமலேயே விலை ஏறும். பிரீமியத்துடன் புட் வணிகத்தின் அளவும் பெருகினால் அது தேவை கூடியதன் அடையாளம். விலை ஏறி வணிகம் மெலிந்தால், விற்போர் பின்வாங்குகிறார்கள் என்று கொள்ள இடமுண்டு. இன்னொரு வழியும் உண்டு. பல நிதிகள் புட் வாங்கும் செலவைச் சமாளிக்கக் கால் ஆப்ஷன்களை விற்கின்றன. அதனால் மேல்மட்ட ஐ.வி. இறங்கி, கீழே எதுவும் மாறாதபோதும் சாய்வு கூடியதாகத் தெரியும். எனவே இரு முனைகளின் வித்தியாசத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு முனையையும் நடு ஸ்ட்ரைக்கோடு தனித்தனியே ஒப்பிட வேண்டும்.

சந்தை அமைதியாக ஏறும்போதும் சாய்வு செங்குத்தாக இருப்பது உண்டு. பங்குகளைக் கைவிட மனமில்லாமல், சேர்த்த லாபத்துக்குக் காப்பு தேடுகிறார்கள் என்பதே அதன் பொருள். சரிவு வந்துவிட்டால் நடு ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யே வேகமாக ஏறிவிடும். காப்பு வைத்திருந்தவர்கள் புட்டுகளை விற்றுப் பணமாக்குவார்கள். ஒப்பீட்டளவில் சாய்வு தட்டையாவதும் நடக்கும். செங்குத்தான சாய்வு, காப்பின் விலையைத் துல்லியமாகச் சொல்கிறது. சரிவு வரும் நாளை அது சொல்வதில்லை.